சாட்டில் கொதித்ததை ரிவ்யூவுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஐ.டி. டீம் லீடாக இருக்கிறேன். போன வெள்ளி ராத்திரி கேட் சாஃப்ட்வேர் இரண்டரை மணி நேரம் நின்றுபோய், டிரெய்லர்கள் எல்லாம் ரோட்டில் வரிசை கட்டிவிட்டன. வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரே சண்டை. நைட் ஷிஃப்டில் இருந்த ஜூனியர் பையன்தான் எல்லா ஏச்சையும் வாங்கினான். திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங். "சாட்டைப் பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா, யார் மேலேயும் பழி வரக் கூடாது" என்கிறார் மேனேஜர். அப்படி எழுதினால் பூசி மெழுகின மாதிரி ஆகிவிடாதா? சாட்டையும் சர்வர், அப்ளிகேஷன் லாக்குகளையும், பேர்களை எடுத்துவிட்டு இணைத்திருக்கிறேன். விசாரித்ததில், பேக்கப் தோல்வி மெயில் வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்குப் போயிருக்கிறது. ஸ்க்ரீன் தொங்கினால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லித்தான் ஷிஃப்ட் குறிப்பிலும் இருக்கிறது.
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எழுத உட்காருவதற்கு முன்னால் அவசரமாக ஒரு வேலை இருக்கிறது. சாட்டில் இரவு 11.40க்கு டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் சீனியர் டி.பி.ஏ., "ரிக்கவரி மாடல SIMPLEக்கு மாத்திட்டேன், இப்ப பாருங்க" என்று போட்டிருக்கிறார். அதைத் திரும்ப FULLக்கு மாற்றியதாகவோ, அதன்பின் புதிதாக ஒரு ஃபுல் பேக்கப் எடுத்ததாகவோ அதற்கப்புறம் ஒரு வரியும் இல்லை. FULLஇல், டேட்டாபேஸின் மாற்றங்கள் பதிகிற லாக்கை வரிசையாக பேக்கப் எடுத்து வைக்கலாம். SIMPLEக்கு மாற்றிய நொடியிலேயே அந்த லாக் பேக்கப் சங்கிலி அறுந்துவிடுகிறது. மீண்டும் FULL ஆக்கி, ஒரு ஃபுல் பேக்கப்போ டிஃபரன்ஷியல் பேக்கப்போ எடுக்கும் வரை, டேட்டாபேஸை நாம் கேட்கிற நேரத்துக்குத் திருப்ப முடியாது. இதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே அவரை இதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
SELECT name, recovery_model_desc, log_reuse_wait_desc
FROM sys.databases;
```

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூசி மெழுகல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ரிவ்யூக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். "சர்வீஸ் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. பிரச்சினை நீடித்தது. பின்னர் சரிசெய்யப்பட்டது." யார் செய்தார், எதைப் பார்த்துச் செய்தார், செய்தபின் என்ன கண்டார் என்று எதுவுமே அதில் இருக்காது. பழியோடு சேர்த்து நடந்ததையும் துடைத்துவிட்டார்கள். நீங்கள் எழுத வேண்டியது அது அல்ல. செயல் ஒவ்வொன்றும் இருக்கட்டும், செய்தவரும் இருக்கட்டும். பெயருக்குப் பதில் அவருடைய பொறுப்பைப் போடுங்கள்: கேட் கிளார்க், நைட் ஷிஃப்ட் ஐ.டி., யார்டு சூப்பர்வைசர், டி.பி.ஏ. அந்த நிமிடத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள். அந்தக் கடைசி விஷயம் வந்துவிட்டால் பழி தானாகவே இளகிவிடும்.

உங்கள் சாட்டில் அதிகம் சூடேறிய இடத்தையே எடுத்துக்கொள்வோம்.

9.52 ஐ.டி.: "ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். வந்துடுச்சு. செக் பண்ணுங்க"
9.58 கேட்: "வரல"
10.01 ஐ.டி.: "எனக்கு ஓப்பன் ஆவுதே. வண்டி லிஸ்ட் எல்லாம் தெரியுது"
10.03 கேட்: "இன்னா தெரியுது? இங்க சேவ் ஆவல. சும்மா வந்துடுச்சு வந்துடுச்சுன்னு சொல்லாத"
10.05 சூப்பர்வைசர்: "வேலை தெரியாதவன நைட்ல உக்கார வெச்சா இப்படித்தான். ரோட்ல முப்பது வண்டி நிக்குது"

படிக்கிறவருக்கு, இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும். அன்று குரூப்பில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். இப்போது நீங்கள் அனுப்பிய சர்வர் லாக்கில் உள்ள வரியைப் பாருங்கள்:

```
Error: 9002, Severity: 17, State: 2.
The transaction log for database 'GATEDB' is full due to 'LOG_BACKUP'.
```

டிரான்ஸாக்‌ஷன் லாக் நிரம்பிவிட்டால் SQL Server படுத்துவிடுவதில்லை. உள்ளே இருக்கிற தகவலைப் படித்துக் காட்டும், புதிதாக எதையும் எழுத மட்டும் விடாது. எழுத முடியாமல் மாட்டிக்கொண்ட இணைப்புகள் குவிந்துதான் முதலில் ஸ்க்ரீன் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். அப்ளிகேஷன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் அந்த நெரிசல் கலைந்து ஸ்க்ரீன் திறந்தது. பையன் வண்டிப் பட்டியலைத் திறந்து பார்த்தான். அது படிக்கிற வேலை என்பதால் வந்தது. கேட் கிளார்க் ஒரு டிரெய்லரின் நம்பரை அடித்துச் சேவ் கொடுத்தார். அது எழுதுகிற வேலை என்பதால் தோற்றது. இருவர் சொன்னதும் நிஜம். ஆளுக்கொரு கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு "திறந்திருக்கு", "பூட்டியிருக்கு" என்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஐந்து வரியும் சுருக்கத்தில் இப்படி வரலாம்:

"இரவு 9.52: நைட் ஷிஃப்ட் ஐ.டி., 'கேட் ஸ்க்ரீன் தொங்கினால்' என்ற தலைப்பில் ஷிஃப்ட் குறிப்பில் உள்ளபடி அப்ளிகேஷன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தார். வண்டிப் பட்டியல் திறந்ததைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று அறிவித்தார். 9.58 – 10.03: கேட்டில் வண்டிப் பதிவைச் சேமிக்க முடியவில்லை என்று கிளார்க் இரண்டு முறை தெரிவித்தார். லாக் நிரம்பிய நிலையில் படிப்பது நடக்கும், எழுதுவது நடக்காது என்பது 10.44 வரை குழுவில் யாருக்கும் தெரியவில்லை. ரீஸ்டார்ட்டுக்குப் பின் எதைச் சோதித்து 'சரி' என்று சொல்ல வேண்டும் என்பது ஷிஃப்ட் குறிப்பில் இல்லை."

இதில் எதையும் மறைக்கவில்லை. பையன் தவறான நேரத்தில் "வந்துடுச்சு" என்று சொன்னது அப்படியே இருக்கிறது. கூடவே, குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்பதும் வெளியே வந்துவிட்டது. "வேலை தெரியாதவன்" என்ற சொல்லில் நின்றிருந்தால் இது கிடைத்திருக்காது. பையனை மாற்றி வேறு ஆளைப் போட்டிருப்பீர்கள், அவரும் அதே குறிப்பைப் பார்த்து அதே பட்டியலைத்தான் திறந்திருப்பார். (ஷிஃப்ட் குறிப்பில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது மேலே வர வேண்டிய தகவல்.)

சூப்பர்வைசரின் வரியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வசவை நீக்கினால் "ரோட்ல முப்பது வண்டி" மிஞ்சுகிறது, பாதிப்பு எவ்வளவு என்று சாட்டில் யாராவது சொல்லியிருக்கும் ஒரே இடம் அதுதான். ஆனால் அது கோபத்தில் வந்த எண். கேட் செக்யூரிட்டி ரிஜிஸ்டரையோ கேமராவையோ பார்த்து நிஜ எண்ணைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் "சுமார் முப்பது, சூப்பர்வைசரின் கணிப்பு" என்று எழுதுங்கள். சூடான சாட்டைக் கையாளும்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு காரமான வரியிலும், பேசியவர் எதைக் கண்டார் என்று தேடுவேன். ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்வேன். 11.12க்கு மேனேஜர் போட்ட "நாளைக்கு யாராவது பதில் சொல்லியாகணும்" போல ஒன்றும் இல்லாத வரிகளை விட்டுவிடுவேன்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கேதான் வீண் பழி முளைக்கிறது. உங்கள் அப்ளிகேஷன் லாக்கில் முதல் பிழை 15:58 என்று இருக்கிறது. அது UTC நேரம். ஐந்தரை மணி கூட்டினால் இரவு 9.28. சர்வர் லாக்கோ நம் ஊர் நேரத்திலேயே இருக்கிறது. இரண்டையும் அப்படியே ஒட்டினால், மாலை நாலு மணிக்கே பிழை வந்தும் ஐ.டி. தூங்கியது போலத் தெரியும். எல்லாவற்றையும் முதலில் இந்திய நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். முதல் பிழை 9.28, கேட்டிலிருந்து முதல் செய்தி 9.34. அந்த ஆறு நிமிடமும் தகவல்தான், எந்த அலாரமும் அடிக்கவில்லை என்று அது சொல்கிறது.

நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் 10.09க்கு `<Media omitted>` என்று ஒரு வரி இருக்கிறது. கேட் கிளார்க் அனுப்பிய வாய்ஸ் நோட்டாக இருக்கும். கை ஓயாத நேரத்தில் ஜனங்கள் டைப் பண்ண மாட்டார்கள், பேசித்தான் அனுப்புவார்கள், அதனால் முக்கியமான விவரம் பலமுறை அதில்தான் இருக்கும். குரூப்பில் அதைத் தேடிக் கேட்டு, ஸ்க்ரீனில் என்ன செய்தி வந்தது என்று அவர் சொல்லியிருந்தால் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அழிக்கப்பட்ட செய்திகளும் எடிட் செய்தவையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சூடு தணிந்ததும் சிலர் அழித்துவிடுவது சகஜம். எதை அழித்தீர்கள் என்று விசாரணை வைக்க வேண்டாம், "அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது" என்று கேட்டால் போதும்.

10.10லிருந்து 10.44 வரை குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. அந்த முப்பத்து நாலு நிமிடத்தைச் சாட்டில் தேடாதீர்கள், போனில் தேடுங்கள். திட்டு விழுந்ததும் பையன் குரூப்பை விட்டு நேராக யாரையோ அழைத்திருப்பான் என்பது என் ஊகம். "அந்த நேரம் எங்கே போனே?" என்று கேட்டால் வாயே திறக்க மாட்டான். "பத்து மணிக்கு மேல அடுத்து யார்கிட்ட பேசினேப்பா? அவங்க நம்பர் எங்கே கிடைச்சுது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில் விஷயம் இருக்கிறது. இரவில் டி.பி.ஏ.வை எழுப்ப எந்த நம்பரை அழைப்பது என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா, அவனே நாலு பேரிடம் கேட்டு வாங்கினானா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து 10.44க்கு டி.பி.ஏ. எழுதியது: "லாக் ஃபுல். லாக் பேக்கப் மூணு நாளா ஓடவே இல்ல. இத யாருமே பாக்கலயா?"

முதல் இரண்டு வாக்கியமும் தங்கம், நேரத்தோடு அப்படியே போடுங்கள். மூன்றாவதுதான் மீட்டிங்கைத் தின்னப்போவது. நடந்து முடிந்தபின் பார்த்தால் எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியது போலத்தான் தோன்றும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1970களில் இதைச் சோதித்தார். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீகிங், மாஸ்கோ பயணங்களுக்குக் கிளம்புமுன், எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் கணிப்பு வாங்கினார்கள். பயணம் முடிந்தபின், அன்று நீங்கள் சொன்ன கணிப்பு என்ன என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார்கள். நிஜமாக நடந்தவற்றுக்கு, முன்பு கொடுத்ததைவிடக் கூடுதல் வாய்ப்பு கொடுத்திருந்ததாகவே பெரும்பாலும் நினைவுகூர்ந்தார்கள். திங்கட்கிழமை உங்கள் அறையில் உட்காரப் போகிறவர்களின் மனமும் அப்படித்தான் வேலை செய்யும்.

ஆகவே "பார்த்திருக்க வேண்டும்", "கவனித்திருந்தால்" என்பவை உங்கள் பக்கத்தில் எங்கு வந்தாலும் அடித்துவிடுங்கள். அவை நடக்காத ஒன்றைப் பற்றிய வாக்கியங்கள். நடந்தது என்ன என்று கேளுங்கள். பேக்கப் தோற்றால் என்ன நடக்கும்? ஒரு மெயில் போகும். யாருக்குப் போகும்? வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு, என்று நீங்களே விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுருக்கத்தில் வர வேண்டியது: "செவ்வாய் இரவு முதல் லாக் பேக்கப் தோற்றது. காரணம், பேக்கப் டிரைவில் இடமின்மை. தோல்வி மெயில் தற்போது யாரும் பார்க்காத முகவரிக்குப் போனது. வெள்ளி இரவு வரை இதைக் காட்டக்கூடிய வேறு அறிவிப்பு எதுவும் இல்லை." யாருமே பார்க்கவில்லை என்பது உண்மைதான். பார்க்கிற இடத்தில் எதுவும் வரவில்லை என்பது அதைவிட உபயோகமான உண்மை.

இது உங்கள் யார்டில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடைச் சேமித்து வைக்கும் தளமான GitLab நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், துணை சர்வரில் காலி செய்ய நினைத்த டேட்டா ஃபோல்டரைத் தவறுதலாக மெயின் சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், பேக்கப் எடுக்கும் கருவியான `pg_dump`இன் பழைய வெர்ஷன் புதிய டேட்டாபேஸோடு ஒத்துப்போகாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ, அனுப்பியவர் நிஜமானவரா என்று பார்க்கும் DMARC சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் அழித்த செயலும் இருக்கிறது, மெயில் போய்ச் சேராத கதையும் இருக்கிறது. அந்த இன்ஜினியரின் பெயர் இல்லை. அதைப் படிக்கிறவர்கள் முதலில் போய்ச் சோதிக்க வேண்டியது தங்கள் பேக்கப் மெயில் யாருக்கு வருகிறது என்பதைத்தான்.

இனி நீங்கள் கொஞ்சம் துணிவாக எழுத வேண்டிய இடம். 10.58க்கு டி.பி.ஏ. கேட்கிறார்: "பேக்கப் டிரைவ்ல பழைய ஃபைல அழிக்கலாமா? யாராவது ஓகே சொல்லுங்க." அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்கு அடியில் பதினான்கு செய்திகள் வசவாகவே ஓடுகின்றன, மேனேஜருடையதும் அதில் சேர்த்தி. இடம் கிடைத்திருந்தால் லாக் பேக்கப் எடுத்து, சங்கிலி அறாமலே மீண்டிருக்கலாம். நாற்பத்திரண்டு நிமிடம் காத்துப் பார்த்துவிட்டு 11.40க்கு அவர் SIMPLEக்கு மாற்றினார், 11.58க்கு முதல் வண்டி உள்ளே போனது. "இப்படிச் செய்யலாமா" என்று மீட்டிங்கில் யாராவது கேட்பார்கள். அவர் முன்னால் இருந்ததை எழுதுங்கள்: டிரைவ் நிறைந்திருந்தது, எந்த ஃபைலை அழிக்கலாம் என்ற விதி எழுதப்பட்டிருக்கவில்லை, அனுமதிக் கேள்விக்குப் பதில் வரவில்லை, ரோட்டில் வண்டிகள் நின்றன. கேட்டைத் திறக்க, பின்னோக்கித் திருப்பும் வசதியைச் சற்று நேரத்துக்கு விட்டுக்கொடுத்தார். அனுமதி தரும் அதிகாரம் இரவில் யாருக்கு என்பது எங்கும் குறிப்பிடப்படவில்லை. இவ்வளவையும் எழுதினால், இரண்டரை மணி நேரத்தில் முக்கால் மணி எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜரிடம் இந்தப் பத்தியை மட்டும் முன்கூட்டியே தனியாகக் காட்டிவிடுங்கள். கூட்டத்தில் முதன்முறையாகப் பார்த்தால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். பழி வேண்டாம் என்று கேட்டவர் அவர்தான், அந்தப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு.

வசவுகளை என்ன செய்வது? பக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை, அதற்காக நடக்காதது போலவும் விட வேண்டாம். சூப்பர்வைசரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது, அந்தப் பையனுக்காக நீங்கள் பேசத்தான் வேண்டும். மூல சாட்டை மீட்டிங்கில் திரையில் போட விடாதீர்கள். யாராவது கேட்டால், நேரங்களைச் சரிபார்க்க மட்டும் உங்களிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். வேண்டுமென்றே யாராவது எதையாவது கெடுத்ததாகத் தெரிந்தால், அது ரிவ்யூவில் பேச வேண்டியது அல்ல, ஹெச்.ஆரிடம் போக வேண்டியது. உங்கள் சாட்டில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்ததும் ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பையனுக்கும் கேட் கிளார்க்குக்கும் அனுப்பி, "உன்னைப் பத்தின வரி எல்லாம் சரியா இருக்கா? அப்போ உனக்குத் தெரியாத எதையாவது தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கேனா?" என்று கேளுங்கள். அவர்கள் திருத்துகிற இடங்களில்தான் சாட்டில் இல்லாத தகவல் வரும். பையனை மீட்டிங்குக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள், ஆனால் பக்கத்தைப் படிக்க வேண்டியவர் நீங்கள்.

பக்கத்தின் அடியில் அடுத்து செய்ய வேண்டியவை வரும். "இனி கவனமாக இருக்க வேண்டும்", "டீமுக்குள் தொடர்பை மேம்படுத்த வேண்டும்" என்று யாராவது சொன்னால், பணிவாக, "அதை யார், எந்தத் தேதிக்குள் செய்வார்? செய்து முடித்தார் என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். உங்கள் கேஸில் நாலு போதும். பேக்கப் தோல்வி மெயிலை ஒரு ஆளுக்கு அனுப்பாமல் குழு முகவரிக்கு மாற்றி, ஒரு முறை வேண்டுமென்றே தோற்கவைத்து மெயில் வருகிறதா என்று பார்ப்பது. பேக்கப் டிரைவில் எத்தனை நாள் பழைய ஃபைலை அழிக்கலாம் என்று எழுதி வைப்பது. இரவில் அனுமதி தர ஒருவர், அவர் எடுக்காவிட்டால் இன்னொருவர், இருவர் நம்பரும் ஷிஃப்ட் குறிப்பில். ரீஸ்டார்ட்டுக்குப் பின் ஒரு சோதனை வண்டிப் பதிவைச் சேவ் செய்து பார்த்துவிட்டுத்தான் "வந்துடுச்சு" என்று சொல்வது. இந்த நாலாவதை எழுதும் வேலையை அந்தப் பையனிடமும் கேட் கிளார்க்கிடமும் சேர்த்தே கொடுங்கள்.